அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் என் நாற்காலி

கேள்வி: நான் சவரத் தொழிலாளியின் மகள். பியூட்டீஷியன் கோர்ஸ் முடித்திருக்கிறேன். எங்கள் கிராமத்திலேயே ஆண்களுக்கும் சேர்த்து நவீன சலூன் போட ஆசை. ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்களா?

ஒத்துக்கொள்வார்கள், ஆனால் பேசிச் சம்மதிக்க வைக்க முடியாது. எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். அப்பா வேப்பமரத்தடியில் பலகை போட்டுச் சவரம் செய்து, அறுப்புக்கு அறுப்பு களத்துமேட்டில் நெல் வாங்கியவர். நான் கடை போடுகிறேன் என்றதும் "பொம்பளப்பிள்ளை கத்தி பிடிக்கிறதா" என்று கேட்ட பெரியவர்களில் பலர் என் அப்பத்தா கையில் பிறந்தவர்கள். எங்கள் சமூகத்துப் பெண்கள்தானே அன்றைக்கு மருத்துவச்சிகள். அதைச் சொல்லி நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அம்மாதான் ஒரு தாத்தாவிடம் போகிற போக்கில் சொன்னார், "ஒங்களத் தூக்கிக் குளிப்பாட்டுனதே எங்க அத்தை கைதானய்யா" என்று. அவர் பதில் பேசவில்லை. ஆனால் கடைக்கும் வரவில்லை.

நான் செய்தது, அப்பாவுக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒன்று. பெரியவர்கள் அப்பாவிடம் உட்காருவார்கள், நான் பக்கத்தில் என் வேலையைப் பார்ப்பேன், அவர்கள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் கண்ணெதிரிலேயே புது பிளேடைப் பிரித்து, பாதியாக உடைத்துக் கத்தியில் செருகுவேன். முடிந்ததும் அதை மூடியில் பிளவு போட்ட டப்பாவுக்குள் தள்ளிவிடுவேன். சின்னக் கீறலில் படுகிற ரத்தம் போதும், மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பி, சி வகைகள் அடுத்த ஆளுக்குத் தொற்ற. கிளிப்பரை முதலில் பிரஷ்ஷால் முடி போகத் துடைத்து, அப்புறம்தான் ஸ்பிரிட். முடியும் எண்ணெயும் அப்படியே இருக்க மேலே எதைத் தெளித்தாலும் படர்தாமரை போகாது. நீல விளக்குப் பெட்டிக்குள் வைத்தால் போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள், நம்பாதீங்க, வெளிச்சம் படுகிற பக்கம்தான் அது வேலை செய்யும்.

பெரியவர்களுக்கு உறுத்தியது படிகாரம்தான். ஒரே கல்லை எல்லார் கன்னத்திலும் தேய்ப்பதை நான் நிறுத்தினேன், "படிகாரம் போடாத சவரம் ஒரு சவரமா" என்று முணுமுணுப்பு. சரி என்று கல்லை இடித்துத் தூளாக்கி, தண்ணீரில் கரைத்து, ஆளுக்கொரு பஞ்சில் தொட்டு வைத்தேன். அதே எரிச்சல், அதே குளிர்ச்சி. முணுமுணுப்பு அதோடு நின்றது.

ஆனால் நிஜமாகவே ஊரைத் திருப்பியது ஒரு தலைச்சாயம். பேத்தி காதுகுத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்தத் தாத்தா வந்தார், அம்மா பேசினாரே அவரேதான். கையில் கறுப்பு மருதாணி என்று போட்ட பாக்கெட். சுத்தமான மருதாணி கறுப்பாகாது, செம்பட்டையாகத்தான் பிடிக்கும். கறுப்பாக்கும் பொடிகளில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கும், சிலருக்கு அது முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாது. இதற்கு முன்பு போட்டபோது காதோரம் அரித்ததா என்று கேட்டேன். "கொஞ்சம் அரிச்சுச்சு, அதுக்கென்ன" என்றார். அந்தப் பதிலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் ஒருமுறை அரித்தால் அடுத்தமுறை கூடத்தான் செய்யும். இன்றைக்குப் போட மாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம். அப்பா எழுந்து வந்து "பிள்ளை சொல்றதக் கேளுங்கய்யா" என்றபிறகுதான், முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு மட்டும் வைத்து, 48 மணி நேரம் கழித்துப் பார்ப்போம் என்று அனுப்பினோம். மறுநாள் சாயங்காலமே கையை நீட்டிக்கொண்டு வந்தார். பொட்டு வைத்த இடம் சிவந்து, தடித்து, நீர்க்கொப்புளம் கட்டியிருந்தது. அது அப்படியே தலையிலும் முகத்திலும் வந்திருந்தால் காதுகுத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார். கையைத் தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு, நரையோடே அழகாக டிரிம் செய்தேன். என் நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. விசேஷத்தில் ஊர் முழுக்கக் கையைக் காட்டிக் கதை சொல்லியிருக்கிறார். அதிலிருந்து வயசாளிகள் வந்ததுமே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்கிறேன், அவர்களும் சொல்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குப் பிளேடு வைப்பதில்லை, டிரிம்மர்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் இறங்கிப் போகாதீங்க. "அந்தத் தெருக்காரங்களுக்கும் இதே நாற்காலியா" என்று எங்கள் ஊரிலும் கேட்டார்கள். இதே நாற்காலிதான், இதே விலைதான், பலகையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். சாதியைச் சொல்லி வெட்ட மறுத்தால் 1955 குடிமை உரிமைச் சட்டப்படி குற்றம் என்று அப்பாவுக்கும் புரிய வைத்தேன். இதனாலேயே இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னமும் டவுனுக்குப் போய்த்தான் முடி வெட்டிக்கொள்கிறார்கள். அந்த வருமானம் இல்லாமலே கடை ஓடுகிறது.