அக்யுமுலேட்டரில் மிஞ்சுவதை எறியாதீர்கள்

கேள்வி: "சொந்தமாக ஒரு சின்ன பிளாட்ஃபார்மர் கேம் எழுதுகிறேன். என் 60 ஹெர்ட்ஸ் லேப்டாப்பில் எட்டாத மேடைக்கு, நண்பனின் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஹீரோ குதித்து ஏறிவிடுகிறான். பிசிக்ஸை 1/60 விநாடிக்கு ஒரு முறை என்று நிலையாக வைத்தேன். உயரம் சரியானது, ஆனால் நண்பனின் திரையில் அசைவு வெட்டி வெட்டி வருகிறது. என்னதான் செய்வது?"

பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். மீதிப் பாதி, நீங்கள் இப்போது பயன்படுத்தாமல் விடுகிற ஒரு எண்ணில் இருக்கிறது.

முதலில் அந்த மேடை விஷயம். உங்கள் நிரலில் ஒவ்வொரு பிரேமிலும் வேகத்திலிருந்து ஈர்ப்பைக் கழித்து, பிறகு அந்த வேகத்தால் இடத்தை நகர்த்துவீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலானோர் அப்படித்தான் எழுதுகிறோம். குதிக்கும் வேகம் 8 மீ/வி, ஈர்ப்பு 20 மீ/வி² என்று வைத்தால் காகிதக் கணக்குப்படி உச்சி உயரம் 1.6 மீட்டர். ஆனால் இந்த முறையில் அதிலிருந்து ஏறத்தாழ `4 * dt` குறைந்துபோகும்; `dt` என்பது ஒரு படிக்கான நேரம், விநாடியில். விநாடிக்கு 30 பிரேமில் 1.47 மீ, 60-இல் 1.53 மீ, 144-இல் 1.57 மீ. மேடை 1.55 மீட்டரில் இருந்தால் கதை முடிந்தது: நண்பன் ஏறுவான், நீங்கள் ஏற மாட்டீர்கள். `dt`-ஐப் பெருக்கிவிட்டால் பிரேம் ரேட் பாதிக்காது என்ற நம்பிக்கை சீரான வேகத்துக்கு மட்டும்தான் செல்லும். முடுக்கம் வந்தவுடன் படியின் அளவு விடையை மாற்றிவிடும். அதனால் படியை நிலையாக வைத்தது சரியான முடிவு, அதை மாற்றாதீர்கள்.

இப்போது வெட்டுக்கு வருவோம். அக்யுமுலேட்டரை, அதாவது கழிந்த நேரத்தைச் சேர்த்துவைக்கும் மாறியை, ஓர் உண்டியலாக நினைத்துக்கொள்ளுங்கள். 144 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கு 6.94 மில்லிவிநாடி விழுகிறது. 16.67 சேர்ந்ததும் பிசிக்ஸ் அதை எடுத்துக்கொண்டு ஒரு படி நகர்கிறது. இரண்டு பிரேமில் 13.89 தான் சேரும், போதாது. மூன்றாவதில் 20.83 ஆகும், ஒரு படி போக 4.17 மிஞ்சும். இப்படியே போனால் 12 பிரேமுக்குள் 5 படிகள் விழும், அதுவும் 3, 5, 8, 10, 12-ஆவது பிரேம்களில். விநாடிக்கு 6 மீட்டர் ஓடும் ஒரு பந்து ஒரு படிக்கு 10 செ.மீ. நகரும் அல்லவா? அது திரையில் எங்கே தெரிகிறது என்று பிரேம் பிரேமாகப் பார்த்தால்: 0, 0, 10, 10, 20, 20, 20, 30, 30, 40, 40, 50. சில இடத்தில் இரண்டு பிரேம் நிற்கிறது, சில இடத்தில் மூன்று. உங்கள் கண் பிடிப்பது இந்தச் சீரின்மையைத்தான்.

மிஞ்சிய அந்த 4.17-ஐப் பாருங்கள். படம் வரையும் நேரம், கடைசிப் படி முடிந்து 4.17 மில்லிவிநாடி கழித்து வருகிறது என்று அது சொல்கிறது. அதாவது ஒரு படியில் கால் பங்கு. நீங்கள் வெட்டியாக விட்டுவைத்த தகவல் இதுதான். கடைசி இரண்டு படிகளின் நிலையையும் கையில் வைத்துக்கொண்டு, இந்த விகிதத்தில் இரண்டுக்கும் இடையே வரைந்தால் போதும். இதற்குப் பெயர் இன்டர்போலேஷன், கீழே `lerp` செய்வது இதைத்தான்.

```cpp
const double dt = 1.0 / 60.0;
double acc = 0.0;
double last = now();

while (running) {
    double t = now();
    double frame = t - last;
    last = t;
    if (frame > 0.1) frame = 0.1;
    acc += frame;

    while (acc >= dt) {
        prev = curr;
        step(curr, dt);
        acc -= dt;
    }

    double alpha = acc / dt;
    draw(lerp(prev, curr, alpha));
}
```

அதே பந்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். 3-ஆவது பிரேமில் `alpha` 0.25, அடுத்ததில் 0.667, அதற்கடுத்த பிரேமில் இன்னொரு படி விழுந்து 0.083. இடத்தைக் கணக்கிட்டால் ஒவ்வொரு பிரேமுக்கும் 4.17 செ.மீ. நகர்ந்திருக்கும், எல்லாவற்றிலும் அதே அளவு. 75, 165, 240 ஹெர்ட்ஸ், எதுவாக இருந்தாலும் அளவு மாறுமே தவிர அசைவு இப்படிச் சீராகவே இருக்கும். பிசிக்ஸுக்குத் திரையைப் பற்றி எதுவுமே தெரியாது.

`prev = curr` உள் லூப்புக்குள் இருப்பதைக் கவனித்தீர்களா? அதை வெளியே, பிரேமுக்கு ஒரு முறை என்று வைத்துவிட்டால் 144-இல் இன்னொரு விதமாக இழுபறி தொடங்கும். படியே விழாத பிரேமில் `prev`-உம் `curr`-உம் ஒன்றாகிவிடும், பந்து படியின் முனைக்குத் தாவி நிற்கும். மெதுவான கணினியில் ஒரே பிரேமில் இரண்டு படி விழும்போது இரண்டு படித் தூரத்தை ஒரு படியாக எண்ணி வரையும். பார்ப்பதற்குச் சின்ன இடமாற்றம்தான்.

"என் திரை 60, என் பிசிக்ஸும் 60, எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று நீங்கள் நினைக்கலாம். 60 என்று எழுதியிருக்கும் பல திரைகள் உண்மையில் 59.94-இல் ஓடுகின்றன. வித்தியாசம் விநாடிக்கு 0.06 படி, சுமார் 17 விநாடிக்கு ஒரு தடவை ஒரே பிரேமில் இரண்டு படி விழும். அது பரவாயில்லை என்றாலும், அந்த எல்லையை ஒட்டி இருக்கும்போது அளவீட்டுத் தடுமாற்றம் சேர்ந்துகொள்ளும். உண்டியலில் 0.1 இருக்கிறது, இந்த பிரேம் 16.5 என்று அளக்கப்பட்டது, மொத்தம் 16.6, படி இல்லை. அடுத்தது 16.9 என்று வந்தால் 33.5, இரண்டு படி. கொஞ்ச நேரத்துக்கு 0, 2, 0, 2 என்று ஆடும். பிறகு தானாகச் சரியாகிவிடும். எப்போதாவது மட்டும் வருகிற நடுக்கம் என்று புகார் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். இன்டர்போலேஷன் இருந்தால் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் படி முடியப்போகிற 0.99-உம் அடுத்த படியின் 0.01-உம் ஏறக்குறைய ஒரே இடம்.

இதற்கு ஒரு விலை உண்டு. வரைவது எப்போதும் முந்தைய படிக்கும் தற்போதைய படிக்கும் நடுவில் என்பதால், திரை உண்மையான நிலைக்குச் சரியாக ஒரு படி பின்னால் இருக்கும்: 60-இல் 16.7 மில்லிவிநாடி. பிளாட்ஃபார்மருக்கு இது பெரும்பாலும் உறைக்காது. உறைத்தால் பிசிக்ஸை 120-க்கு ஏற்றுங்கள், தாமதம் பாதியாகும், பிசிக்ஸின் CPU செலவு இரட்டிப்பாகும். (ஏற்றினால் அந்தக் குதி உயரமும் கொஞ்சம் மாறும், மேடைகளை வைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.) சிலர் பின்னால் வரைவதற்குப் பதில் வேகத்தை வைத்து முன்னால் ஊகித்து வரைவார்கள். ஓடுகிற பந்து சுவரில் மோதும் கணத்தில் அது சுவருக்குள் ஒரு பிரேம் போய்விட்டுத் திரும்பும். எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்த 0.1 விநாடி வரம்பு எதற்கு? டீபக்கரில் அரை நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டு ஓட விட்டால் உண்டியலில் 30 விநாடி, அதாவது 1800 படிகள் ஒரே மூச்சில் விழும். அதைவிட மோசம், ஒரு படியைக் கணக்கிடவே 20 மில்லிவிநாடி ஆகிற கணினி. 16.67-க்கான வேலையை முடிக்க 20 செலவாகிறது, பாக்கி ஏறுகிறது, அடுத்த பிரேமில் கூடுதல் படி, இன்னும் அதிகப் பாக்கி. கந்துவட்டி போலத்தான். வரம்பு வைத்தால் ஒரு பிரேமில் அதிகபட்சம் ஆறு படி. கேம் உறையாது, மெதுவாக ஓடும். ஆனால் படி கனமாக இருப்பதை வரம்பு குணப்படுத்தாது, அதற்கு மோதல் கணக்கைத்தான் இளைக்க வைக்க வேண்டும்.

அப்புறம் கேமரா. இரண்டு ராத்திரி என்னைத் தூங்கவிடாத பிழை இது. இன்டர்போலேஷன் எல்லாம் சரியாகப் போட்டேன். எதிரிகள் வெண்ணெய் போல நகர்ந்தார்கள், ஹீரோ மட்டும் நடுத்திரையில் நடுங்கிக்கொண்டே இருந்தான். `lerp`-ஐ மூன்று முறை திருப்பி எழுதினேன். கடைசியில் பார்த்தால் கேமரா `curr`-ஐப் பின்தொடர்கிறது, ஹீரோ இடைப்பட்ட இடத்தில் வரையப்படுகிறான். இரண்டுக்கும் உள்ள தூரம் `(1 - alpha)` மடங்காக பிரேமுக்கு பிரேம் மாறுகிறது. ஒரு மீட்டருக்கு 100 பிக்சல், படிக்கு 10 செ.மீ. என்றால் பத்து பிக்சல் வரை ஆட்டம். கேமரா வரையப்பட்ட இடத்தைத்தான் பின்தொடர வேண்டும். அதன் கணக்கை இன்டர்போலேஷனுக்குப் பிறகு வையுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. ஹீரோ ஒரு கதவில் நுழைந்து வேறு இடத்தில் தோன்றினால், அந்தக் கணத்தில் `prev`-ஐயும் புது இடத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு படி நேரத்துக்கு அவன் திரையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு பறப்பான். கோணங்களை அப்படியே `lerp` செய்தால் 350 பாகையிலிருந்து 10-க்குப் போக வேண்டியது 180 வழியாகச் சுற்றிப்போகும், குறுகிய பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிற கணக்கு வேண்டும்.

குதி பட்டனிலும் ஒரு கண் வையுங்கள். 144-இல் பல பிரேம்களில் படியே விழாது. "இந்த பிரேமில் அழுத்தப்பட்டது" என்பதை அந்த பிரேமோடு மறந்துவிட்டால் குதி காணாமல் போகும். அழுத்தியதை ஒரு கொடியில் வைத்து, அடுத்த படி அதை எடுத்துக்கொண்ட பிறகு அழியுங்கள்.

யூனிட்டியில் எழுதுபவர்கள் யாராவது இதைப் படித்தால்: `FixedUpdate` இயல்பாக 0.02 விநாடி, அதாவது 50 ஹெர்ட்ஸ். ரிஜிட்பாடியில் `Interpolate` தேர்வைப் போட்டால் மேலே சொன்னதை அதுவே செய்யும். கோடோவில் இயல்பு 60, பிசிக்ஸ் இன்டர்போலேஷனை புராஜெக்ட் அமைப்பில் இயக்க வேண்டும்.

எல்லாம் போட்டு முடித்ததும் இதைச் செய்து பாருங்கள். `dt`-ஐ `1.0 / 10.0` ஆக்கிவிட்டு (வரம்பையும் 0.5-க்கு ஏற்றிக்கொண்டு) ஓட்டுங்கள். மோதல்கள் கோணலாகும், குதி சோர்வாகும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். விநாடிக்குப் பத்தே படியிலும் திரையில் எல்லாமே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எது டக்டக்கென்று தாவுகிறதோ, நிழலோ, கையில் உள்ள வாளோ, தலைக்கு மேல் உள்ள உயிர்ப்பட்டையோ, அதை நீங்கள் இன்னும் `curr`-இலிருந்து வரைகிறீர்கள். 60-இல் மாதக்கணக்கில் கண்ணில் படாதவை இதில் அரை நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும். என்னுடையதில் காலடிப் புழுதி மாட்டியது.