கடைசி செமஸ்டரில் பகுதி நேரமாக வேலையில் சேரலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. கணினி அறிவியல் நான்காம் ஆண்டு படிக்கிறேன். கோவையிலுள்ள ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுத்து, ஜனவரியிலேயே சேரச் சொல்கிறது. எட்டாம் செமஸ்டரில் எனக்குப் புராஜெக்ட் மட்டுமே இருக்கிறது. மே மாதம் வரை பகுதி நேரமாக வர அனுமதி கேட்டால், கிடைத்த வேலை கையை விட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பணியாளர் தேர்வுத் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பகுதி நேரம் கேட்டதற்காகவே ஒரு சிறிய நிறுவனம் வேலையைத் திரும்பப் பெறுவது அரிது. தனக்கு எந்த நாட்கள் ஓய்வு, எந்தத் தேதியில் முழு நேரமாக மாறுவோம் என்பதே தெரியாமல் "கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்யுங்கள்" என்று கேட்பவரைப் பற்றித்தான் மேலாளருக்குச் சந்தேகம் எழும். ஆகவே நிறுவனத்திடம் பேசுவதற்கு முன் கல்லூரியிடம் பேசி முடித்துவிடுங்கள்.

2021 விதிமுறையின் கீழ் உங்கள் எட்டாம் செமஸ்டரைப் புராஜெக்டாகவோ இன்டர்ன்ஷிப்பாகவோ முடிக்கலாம். நிறுவனத்தில் செய்யும் வேலையையே இன்டர்ன்ஷிப்பாக ஏற்கத் துறைத்தலைவர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்தால், பகுதி நேரம் என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. ரிவ்யூ நாட்களுக்கும் வைவாவுக்கும் மட்டும் விடுப்பு கேட்டால் போதும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வாடிக்கையாளருக்காக எழுதும் மென்பொருளைப் பற்றிக் கல்லூரிக்கு அறிக்கை கொடுக்க நிறுவனத்தின் இரகசியக் காப்பு ஒப்பந்தம் அனுமதிக்காமல் போகலாம். மார்ச் மாதத்தில் அது தெரியவந்தால் புதிய புராஜெக்டைத் தேடவேண்டிவரும். எனவே அறிக்கையில் எதைக் காட்டலாம் என்பதைச் சேரும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லூரி சம்மதிக்காவிட்டால் பகுதி நேரம்தான் வழி. கடிதத்தை ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். அதன் சாரம் இப்படி இருக்கட்டும்:

"தங்கள் பணி வாய்ப்பை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன். என் இறுதி செமஸ்டர் மே மாதம் முடிகிறது. அதுவரை திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாட்கள் அலுவலகத்தில் முழுமையாக வேலை செய்ய இயலும். வியாழனும் வெள்ளியும் கல்லூரியில் இருப்பேன். ரிவ்யூ மற்றும் வைவா தேதிகளை அறிவிப்பு வந்த அன்றே தெரிவிப்பேன். ஜூன் முதல் தேதியிலிருந்து முழு நேரமாகப் பணியாற்றுவேன். துறைத்தலைவரின் அனுமதிக் கடிதத்தை இணைத்துள்ளேன்."

இதை முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நாட்களைத் தொடர்ச்சியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு: ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருபவரிடம் குழுத்தலைவர் முக்கியமான வேலை எதையும் ஒப்படைக்கத் தயங்குவார்.

கேள்வி: சேலத்தில் எம்.எஸ்ஸி. இறுதி செமஸ்டர் படிக்கிறேன். வாரத்தில் ஐந்து நாளும் வகுப்பு உண்டு. வாரம் இரண்டு வேலை நாட்கள் அலுவலகம் வருவதாக நிறுவனத்திடம் சொல்லலாமா? ஓ.டி. கிடைத்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: கணக்கைப் போட்டுப் பார்த்தபின் சொல்லுங்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள், அதாவது 18 வாரங்கள் என்று கொள்வோம். 75 விழுக்காடு வருகைக்கு 68 நாட்கள் கல்லூரியில் இருக்கவேண்டும். விடுபடக்கூடியவை 22 நாட்கள் மட்டுமே. வாரம் இரண்டு நாள் வேலைக்குப் போனால் 36 நாட்கள் விடுபட்டு, வருகை 60 விழுக்காட்டில் நின்றுவிடும், தேர்வெழுத முடியாது. வாரம் ஒரு நாள் என்றால் 18 நாட்கள் போக, காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் சேர்த்து நான்கு நாட்களே மிஞ்சும்.

வருகைக் குறைவை மன்னிக்கும் விதி பொதுவாக மருத்துவக் காரணங்களுக்கானது. வேலைக்குப் போனேன் என்பது அதில் சேராது. கண்டொனேஷன் கட்டணம் கட்டிவிடலாம் என்று நம்புவதும் ஆபத்து. ஓ.டி. என்பது கல்லூரி அனுப்பும் பணிகளுக்காக வந்த ஏற்பாடு. ஊதியம் பெறும் வேலைக்கு அதைத் தருவது முதல்வரின் விருப்பத்தைப் பொறுத்தது. அது கையெழுத்தாகி வரும் வரை கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் கல்லூரி வருகையை நாள் கணக்கில் பார்க்கிறதா, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகப் பார்க்கிறதா என்பதையும் விசாரியுங்கள். பாடவாரியாக என்றால், எப்போதும் வெள்ளிக்கிழமையே விடுப்பு எடுப்பவருக்கு அன்று வகுப்புகள் குவிந்திருக்கும் ஒரே பாடம் அடிவாங்கும்.

நீங்கள் முன்வைக்கக்கூடிய திட்டம் இது: ஒரு வார நாளும் சனிக்கிழமையும் முழுமையாக, இன்னும் இரண்டு மாலைகளில் வீட்டிலிருந்து இரண்டிரண்டு மணி நேரம். இது வாரத்துக்கு 20 மணி நேரம். வழக்கமான 40 மணி நேரத்தில் சரிபாதி. சனிக்கிழமை அலுவலகம் திறந்திருக்கிறதா, வேலை கற்றுத்தர அன்று யாராவது இருப்பார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வுக் காலத்துக்கு இரண்டு வார விடுப்பையும் இப்போதே சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: ஆண்டுக்கு 6 லட்சம் என்று பேசியிருக்கிறார்கள். பகுதி நேரக் காலத்தில் எவ்வளவு கேட்பது நியாயம்?

பதில்: மணி நேர விகிதத்தில் கேட்பது நியாயம். 40 மணி நேரத்தில் 24 மணி நேரம் என்றால் மாதம் 50,000 ரூபாயில் 60 விழுக்காடு, அதாவது 30,000 ரூபாய். ஆனால் அந்த 6 லட்சத்துக்குள் நிறுவனத்தின் வருங்கால வைப்புநிதிப் பங்கு, காப்பீடு, ஆண்டிறுதி ஊக்கத்தொகை போன்றவையும் அடங்கியிருக்கலாம். அவற்றைக் கழித்தபின் வரும் மாதச் சம்பளத்தின் மீதுதான் விகிதத்தைப் போடுவார்கள்.

தொகையைவிட முக்கியமானது, உங்களைப் பணியாளராகச் சேர்க்கிறார்களா, உதவித்தொகை பெறும் இன்டர்னாகச் சேர்க்கிறார்களா என்பது. பணியாளர் என்றால் வைப்புநிதிக் கணக்கில் சேர்ந்த தேதி பதிவாகும். அடுத்த நிறுவனம் உங்கள் அனுபவத்தைச் சரிபார்க்கும்போது அந்தப் பதிவைப் பார்க்கக்கூடும். இன்டர்ன் என்றால் பெரும்பாலும் அப்படிப் பதிவாகாது. தகுதிகாண் காலமும், இரண்டாண்டு விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம் இருந்தால் அதுவும், ஜனவரியிலிருந்து ஓடுமா ஜூனிலிருந்து ஓடுமா என்பதை நியமனக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்மொழியாக ஒப்புக்கொண்ட மேலாளர் ஏப்ரலில் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வளாகத் தேர்வில் ஒரு பெரிய நிறுவனத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அவர்களிடமும் இப்படிக் கேட்கலாமா?

பதில்: பயனில்லை. அங்கே நூற்றுக்கணக்கானவர்களை ஒரே அணியாகச் சேர்த்துப் பயிற்சி தருவார்கள். ஒருவருக்காக அட்டவணையை மாற்றமாட்டார்கள். படிப்பு முடிந்த பின் தொடங்கும் அணியில் சேர்க்கும்படி, கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர் மூலமாகக் கேளுங்கள். அரியர் இருந்தால் அதை மறைத்துவிட்டுத் தேதியை மட்டும் தள்ளக் கேட்காதீர்கள். சேரும் நாளில் மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள்.

கேள்வி: கனடாவில் முதுநிலைப் படிப்பின் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். நிறுவனம் வாரம் 30 மணி நேரம் வரச் சொல்கிறது.

பதில்: அங்கே அனுமதி முதலாளி கையில் இல்லை. கல்வி நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து இதுவே வரம்பு. கூடுதலாக வேலை செய்வது மாணவர் அனுமதியின் நிபந்தனையை மீறுவதாகும். பின்னர் விண்ணப்பிக்கும் பட்டப்பின் வேலை அனுமதியையும் அது பாதிக்கலாம். இரண்டு வேலைகள் பார்த்தால் இரண்டின் நேரமும் சேர்த்தே கணக்கு. வாரம் மூன்று நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று எழுதிக் கேளுங்கள். வரம்பையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டால் மேலாளர் பேரம் பேசமாட்டார். முழு நேரத்துக்கு மாறும் தேதியை, கல்லூரி படிப்பு முடிந்ததை எழுத்தில் உறுதிசெய்து, மாணவர் அனுமதி காலாவதியாகும் முன் வேலை அனுமதிக்கும் விண்ணப்பித்த பிறகான ஒரு நாளாக வையுங்கள்.