தள்ளுபடிக்குப் பிறகும் இருபது கூடுதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இருபாலருக்குமான சலூன் நடத்துகிறேன். மார்ச் 8க்கு இப்படி ஒரு விளம்பரம் எழுதினேன்: "பெண்ணே, நீயே சக்தி! உன் அழகே உன் ஆயுதம். அன்று மட்டும் மகளிருக்கு 20 சதவீதத் தள்ளுபடி." என் மகள் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். வெற்று முழக்கமாக இல்லாமல் எப்படி எழுதுவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மகள் சிரித்தது நியாயம்தான். முதல் வரியை அப்படியே எடுத்து நகைக்கடைக்கும் வங்கிக்கும் ஒட்டலாம். உங்கள் சலூன் அதில் எங்கே இருக்கிறது? இரண்டாவது வரி இன்னும் மோசம். அழகுதான் ஆயுதமென்றால், தலை வாரவும் நேரமில்லாமல் வேலைக்கு ஓடுகிறவள் நிராயுதபாணியா?

மூன்றாவது வரியைத்தான் நின்று படித்தேன். உங்கள் விலைப்பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருபாலர் சலூன்கள் பலவற்றில் ஆண்களுக்கு ஒரு கட்டணம், பெண்களுக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு கட்டணம். நீண்ட கூந்தலை அலசிப் பிரித்து அடுக்கடுக்காக வெட்ட நேரமாகும். அதற்குக் கூடுதலாக வாங்குவதில் தவறில்லை. கிராப் வெட்ட வரும் பெண்ணிடமும் அதையே வாங்குவதுதான் இடிக்கிறது. ஆணுக்கு 100, பெண்ணுக்கு 150 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தள்ளுபடி போக அவள் கொடுப்பது 120. பக்கத்து நாற்காலியில் அதே கிராப் வெட்டிக்கொண்ட ஆணைவிட, மகளிர் தினத்தன்றும் அவள் 20 கூடுதலாகக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து போகிறாள்.

கலிஃபோர்னியாவில் 1995இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. நேரம், சிரமம், செலவு ஆகியவற்றைப் பார்த்துக் கட்டணத்தைக் கூட்டலாம். ஆணா பெண்ணா என்று பார்த்துக் கூட்டக் கூடாது. உங்களுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. இரண்டு வாரம் கடிகாரத்தை வைத்து எந்த வெட்டுக்கு எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இப்படி எழுதலாம்:

"மார்ச் 8 முதல் எங்கள் சலூனில் முடிவெட்ட ஆண் கட்டணம், பெண் கட்டணம் கிடையாது. அரை மணி நேர வெட்டுக்கு எல்லோருக்கும் ஒரே கட்டணம். நேரம் கூடினால் கட்டணம் கூடும்."

'அன்று மட்டும்' போய் 'முதல்' வந்துவிட்டதைக் கவனியுங்கள். நீளமுடி வளர்த்த ஆண்கள் முணுமுணுப்பார்கள். நாற்காலியில் உட்காரும் முன்பே கட்டணத்தைச் சொல்லிவிட்டால், பில் போடும்போது சண்டை வராது.

இப்போதைக்குக் கட்டணத்தை மாற்றக் கட்டுப்படியாகாது என்றால் தள்ளுபடியைத் தள்ளுபடியாகவே அறிவியுங்கள்: எந்தச் சேவைக்கு உண்டு, எதற்கு இல்லை, முன்பதிவு வேண்டுமா என்று மட்டும். சக்தியை அதில் இழுக்க வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் பணிப்பெண்களுக்குப் பில் தொகையில் கமிஷன் என்றால், தள்ளுபடி அவர்கள் பங்கையும் குறைக்கும். வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகமான நாளில், ஒவ்வொரு தலைக்கும் குறைந்த வருமானம். அன்றைய கமிஷனைப் பழைய கட்டணத்தின் மேல் கணக்கிடுங்கள். அதை விளம்பரத்தில் போட வேண்டியதில்லை.