சராசரியை நம்பி பாதீடு போடாதீர்கள்

கேள்வி: "எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு அடுத்த வருடம் நிதி வருமா என்றே தெரியவில்லை. சபை மூன்று பாதீடு கேட்கிறது: நல்லபடி நடந்தால், எதிர்பார்த்தபடி நடந்தால், மோசமாகப் போனால். எப்படிப் போடுவது?"

உங்களுடையதும் எங்களுடையதைப் போல நாலைந்து கொடையாளிகளை நம்பியிருக்கும் சின்ன நிறுவனம் என்றே நினைக்கிறேன். வெள்ளவத்தையில் அப்படி ஓர் அமைப்புக்கு நான் கணக்குப் பார்க்கிறேன்.

போன முறை எங்கள் வருடச் செலவு 220 இலட்சம். கையொப்பமான மானியம் 120, புதுப்பிப்புக்குக் காத்திருந்தது 80, புதிதாக விண்ணப்பித்தது 60, உள்ளூர் நன்கொடை 20. புதுப்பிப்புக்கு 70 வீதம், புதியதற்கு 30 வீதம் வாய்ப்பு என்று பெருக்கி, 214 இலட்சம் வரும் என்றார் பணிப்பாளர். செலவுக்குக் கிட்டத்தட்டச் சரி என்று எல்லோருக்கும் நிம்மதி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மானியம் வந்தால் முழுதாக வரும், இல்லாவிட்டால் வராது. எங்களுக்கு 280, 220, 200, 140 இந்த நாலில் ஒன்றுதான் வரலாம். 214 எந்த வருடமும் வராது. ஆகவே நல்லதுக்கு 280, எதிர்பார்ப்புக்கு 220, மோசமானதுக்கு 140 என்று போட்டேன். இருபது முப்பது சிறு மானியம் வாங்கும் பெரிய நிறுவனங்களுக்குச் சராசரி பொருந்தும், அதை நான் மறுக்கவில்லை.

மோசமான பாதீட்டில்தான் உண்மையான வேலை இருக்கிறது. கையொப்பமான 120இல் 108 மலையகத் திட்டத்துக்கு மட்டுமே செலவழிக்கலாம். வாடகை, கணக்காய்வு, அலுவலகச் சம்பளம் எல்லாம் சேர்ந்து 50. அதற்கு எடுக்கக்கூடியது மிச்ச 12உம் நன்கொடை 20உம்தான். 18 இலட்சம் துண்டு விழுகிறது. மொத்தக் கூட்டலை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நின்றபோது கையொப்பமிட்ட திட்டங்களும் நின்றன; அதனால் கொடையாளி இடையில் நிறுத்தினால் எத்தனை நாள் முன்னறிவித்தல் தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்வதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

ஆட்களை நிறுத்துவதற்கும் காசு வேண்டும். இலங்கைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில், ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. ஒரு இலட்சம் சம்பளத்தில் எட்டு வருடம் இருந்தவருக்கு நாலு இலட்சம். அவர் சம்மதிக்காவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அது கிடைக்கும்வரை சம்பளம் ஓடும். இதையெல்லாம் மாதவாரியாகப் போட்டு, எதற்கும் செலவழிக்கக்கூடிய கையிருப்பு, ஆட்களை நிறுத்தத் தேவையான இந்தத் தொகைக்குக் கீழே இறங்கும் மாதத்தைப் பாருங்கள். அதற்கு முன்பே சபை முடிவெடுக்க வேண்டும். திகதியைப் பாதீட்டிலேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்தத் தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் சபைக்குப் போகின்றன. வேலை போகப்போகிற ஹட்டன் களப் பணியாளருக்கு அதில் ஒரு வரி விளங்காது. அவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் கொடுக்க என்ன தடை என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.