முட்டி வலியோடு மாடி ஏறி வரும் அம்மா

“எனக்கு வயது 27. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தவறவிடுகிறேன். போனில் நான்கு அலாரம் வைத்திருக்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்து நடைப்பயிற்சி, தியானம் என்று பலமுறை தொடங்கி, இரண்டே நாளில் விட்டிருக்கிறேன். என் அறை மாடியில் இருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி என்பதால் இப்போதெல்லாம் மூன்று முறைதான் மேலே வந்து எழுப்புகிறார். யாரும் நினைவூட்டாமல் காலை வேலைகளை நானே செய்யும் பழக்கம் ஒரு மாதத்தில் வருமா? எங்கிருந்து தொடங்குவது?”
– வாசகர், கடலூர்

தம்பி, தியானம், ஐந்து மணி எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். முட்டி வலிக்கும் ஒரு பெண், 27 வயது மகனை எழுப்புவதற்காகத் தினமும் மூன்று முறை மாடி ஏறி இறங்குகிறார். உங்கள் அறை எங்கே இருக்கிறது என்று சொல்கிற இடத்தில் இதையும் ஒரு விவரமாகச் சேர்த்து எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். வலி வந்ததும் அவர் படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டார். நீங்கள் எதைக் குறைத்துக்கொண்டீர்கள்? சம்பாதிக்கும் வயதில் இருக்கிற பிள்ளை, அம்மாவுக்குக் காலையில் ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுத்து உட்கார வைக்க வேண்டும் என்று நினைப்பவள் நான். அது முடியாவிட்டாலும், அவரைப் படி ஏற வைக்காமலாவது இருக்க வேண்டும். வருகிற வார விடுப்பில் அந்த முட்டியை டாக்டரிடம் காட்டி வாருங்கள்.

இப்போது ஒன்றை யோசியுங்கள். அம்மா ஏன் மூன்று முறை வர வேண்டியிருக்கிறது? முதல் முறை வரும்போது எழாவிட்டாலும் எதுவும் ஆகாது, இரண்டாவது முறையும் ஆகாது என்று உங்கள் உடம்பு பழகிவிட்டது. நான்கு அலாரமும் அப்படித்தான். முதல் மூன்றும் அடித்து அடித்து, அலாரம் அடித்தால் எழ வேண்டியதில்லை என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. அதனால் ஐந்தாவது அலாரம் வைத்துப் பயனில்லை. ஒரு வேலைக்கு ஒரே ஒரு நினைவூட்டல் என்று முதலில் கொண்டுவர வேண்டும். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

எட்டு மணி பஸ்ஸுக்கு ஐந்து மணிக்கு எழத் தேவையில்லை. ஆறரை போதும். இந்த மாதம் நான்கே வேலைகள்: கட்டிலை விட்டு எழுவது, பல் தேய்ப்பது, குளிப்பது, உடை மாற்றி ஏழரைக்குள் கீழே இறங்குவது. வேறு எதையும் சேர்க்காதீர்கள். இதுவரை நீங்கள் இரண்டே நாளில் விட்டதற்குக் காரணம், எழவே பழகாதவர் எழுவதோடு தியானத்தையும் நடையையும் சேர்த்துக் கட்டியதுதான்.

தொடங்குவதற்கு முன் மூன்று நாள் எதையும் மாற்றாமல் எண்ணிப் பாருங்கள். யார், எது, எத்தனை முறை நினைவூட்டுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்திலேயே ஏழு இருக்கிறது. கீழேயிருந்து “குளிச்சியாடா?”, “பஸ்ஸுக்கு நேரமாகுது” என்று வரும் குரல்களையும் சேர்த்தால் ஒன்பதாவது தேறும் என்று நினைக்கிறேன். கேள்வியாக வந்தாலும் அது நினைவூட்டல்தான்.

முதல் வாரம், அம்மா செய்துவந்ததைப் பொருள்களிடம் ஒப்படைக்கிற வாரம். அலாரம் ஆறரைக்கு ஒன்றுதான். ஸ்னூஸை அமைப்பிலேயே நிறுத்திவிடுங்கள். போன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. எழுந்து நான்கு எட்டு நடந்தால்தான் எட்டும்படி, கதவருகே ஒரு அலமாரித் தட்டில் இருக்கட்டும். பிரஷ்ஷையும் பேஸ்ட்டையும் அதே தட்டில், போனுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அலாரத்தை அணைக்கிற கை அடுத்து பிரஷ்ஷை எடுக்க வேண்டும். பல் தேய்க்கும் இடத்தில் கண்ணுக்கு நேராக ‘அடுத்து குளியல்’ என்று எழுதிய தாளை ஒட்டுங்கள். உடை மாற்றிக் கீழே இறங்குவதற்கு ஏழேகாலுக்கு வேறு ஓசையில் இன்னொரு அலாரம். சட்டையும் பேன்ட்டும் முந்தைய இரவே இஸ்திரி போட்டு நாற்காலியில் தயாராக இருக்கட்டும்.

இனி அம்மா. அவரை நேரில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: “அம்மா, நாளையிலிருந்து நீங்க மேல வரக் கூடாது. நான் எழுந்த சத்தம் கேக்கலேன்னா ஆறே முக்காலுக்குக் கீழேருந்து ஒரே ஒரு போன் பண்ணுங்க. பஸ் போனாலும் பரவாயில்லை, ஏறி வராதீங்க.” பஸ் போனால் நிஜமாகவே அடுத்த பஸ்ஸில் போய், அலுவலகத்தில் வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அம்மாதான் காரணம் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டால், இந்தத் திட்டத்தை அன்றே மூடி வைத்துவிடலாம்.

இதைப் படிக்கிற அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் இரண்டு மூன்று நாள் நிலைமை முன்பைவிட மோசமாக இருக்கும். வழக்கமாக வருகிறவர் வரவில்லை என்றால், வருவார் என்று பிள்ளை இன்னும் கொஞ்சம் படுத்துக் கிடப்பான். அப்போது மனசு கேட்காமல் நான்காம் நாள் ஏறிப் போய்விட்டீர்கள் என்றால், தினமும் போனதைவிட அது அதிகக் கெடுதல் செய்யும். எப்போதாவது ஒரு நாள் கிடைக்கிற உதவிக்காகத்தான் மனிதர்கள் மிக நீண்ட நாள் காத்திருப்பார்கள்.

ஒரு மாதக் காலண்டரில் தினமும் நான்கு வேலைகளுக்கும் குறியிடுங்கள். ஒரே நினைவூட்டலில் செய்திருந்தால் சரி, இரண்டாவது தேவைப்பட்டிருந்தால் வட்டம். ஏழு நாளில் ஐந்து நாள் ‘சரி’ விழுந்த வேலையின் நினைவூட்டலைத்தான் எடுக்கலாம். அதற்கு முன் ஆர்வக்கோளாறில் எடுக்காதீர்கள்.

இரண்டாம் வாரம் முதலில் எடுக்க வேண்டியது அம்மாவின் ஆறே முக்கால் போன். அடுத்து சுவரில் இருக்கும் தாள். அதை ஒரேயடியாகக் கிழிக்க வேண்டாம். இரண்டு நாள் பாதியாக மடித்து ஒட்டுங்கள். அடுத்த இரண்டு நாள் எதுவும் எழுதாத வெற்றுத் தாள் இருக்கட்டும். அப்புறம் எடுத்துவிடுங்கள். தாள் இருந்த இடத்தை, முடித்த வேலை பிடித்துக்கொள்ள வேண்டும். ‘பிரஷ்ஷை ஸ்டாண்டில் போட்டதும் பக்கெட்டுக்குக் குழாயைத் திறப்பேன்’ என்று வாய்விட்டே சொல்லிப் பழகுங்கள். ‘நேரத்துக்குக் குளிப்பேன்’ என்ற தீர்மானம் கையைப் பிடித்து இழுக்காது. பிரஷ் ஸ்டாண்டில் விழுகிற அந்த நொடிதான் இழுக்கும்.

பெரும்பாலோர் நழுவுவது இந்த இடத்தில்தான். பல் தேய்த்துவிட்டு, போனில் ஒரே ஒரு மெசேஜ் பார்க்கலாம் என்று கட்டிலில் உட்கார்வார்கள். இருபது நிமிடம் போயிருக்கும். ஆறரைக்கு எழுந்தும் ஏழு மணிக்கு மேல்தான் குளிக்கப் போகிறீர்கள் என்றால், ஓட்டை இங்கே என்று புரிந்துகொள்ளுங்கள். போன் அலாரம் அடித்த தட்டிலேயே இருக்கட்டும். உடை மாற்றிக் கீழே இறங்கும்போதுதான் அதைக் கையில் எடுக்க வேண்டும்.

சறுக்கினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். செவ்வாய் இரவு கிரிக்கெட் பார்த்துவிட்டு ஒரு மணிக்குப் படுத்தீர்கள், புதன் எழவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள்தானே, எதையும் மாற்ற வேண்டாம். வியாழனும் எழவில்லை. அடுத்தடுத்து இரண்டு நாள் என்றால், கடைசியாக எடுத்ததை மட்டும், அதாவது அந்த ஆறே முக்கால் போனை, மூன்று நாளுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். மூன்று நாள் முடிந்ததும் மறுபடி எடுத்துவிடுங்கள். பிரஷ்ஷும் தாளும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் கலைத்து ‘திங்கள் முதல் புதிதாக’ என்று கிளம்புகிறவர்கள்தான் ஆண்டுக்கணக்கில் முதல் வாரத்திலேயே நிற்கிறார்கள்.

மூன்றாம் வாரம் ஏழேகால் அலாரத்தை எடுங்கள். துண்டைக் கொடியில் போட்டதும் சட்டையை எடுப்பது என்று இதையும் கோத்துக்கொள்ளலாம். இந்த வாரத்தில் உங்களை நீங்களே ஒரு விஷயத்தில் சோதிக்க வேண்டும். கீழே குக்கர் விசில் அடிப்பதைக் கேட்டுத்தான் உடை மாற்றப் போகிறீர்களா? அப்படியென்றால் இன்னும் அம்மாவின் உழைப்பில்தான் உங்கள் கடிகாரம் ஓடுகிறது. அவர் நான்கு நாள் சிதம்பரத்துக்கு உறவினர் வீட்டுக்குப் போனால் உங்கள் காலை நின்றுவிடும்.

நான்காம் வாரம் பிரஷ் தன் பழைய இடத்துக்குப் போகலாம். மிச்சம் இருப்பது ஆறரை அலாரம் ஒன்றுதான். அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிறவர் ஒரு அலாரத்தில் எழுவது குறையே இல்லை. ஆனால் நான்கு வாரத்தில் எல்லாம் தன்னால் நடந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். நடுவே ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு மாதத்தில் நினைவூட்டல்கள் விலகும். அலுப்பு விலக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

இவ்வளவும் பதினொரு மணிக்குள் படுப்பவருக்கு. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரு மணி வரை விழித்திருந்துவிட்டு இதைச் செய்தால் தோற்பது உறுதி. விடுப்பு நாளிலும் ஏழரைக்கு மேல் படுத்திருக்காதீர்கள். இரண்டு வாரம் நேரத்துக்குப் படுத்தும் பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, குறட்டைக்கு நடுவே மூச்சு அடைத்து எழுந்தாலோ, அது பழக்கத்தின் கோளாறாக இல்லாமல் போகலாம். டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் தடை, ரத்தசோகை, தைராய்டு எதுவும் காரணமாக இருக்கலாம்.

பொங்கல் விடுமுறை, காய்ச்சல் என்று ஒரு வாரம் கெட்டுப்போனால், இரண்டாம் வார முடிவில் இருந்த நிலைக்கு நான்கு நாள் திரும்புங்கள். அதாவது ஆறரைக்கு ஒரு அலாரம், ஏழேகாலுக்கு ஒரு அலாரம், பிரஷ் போனுக்குப் பக்கத்தில். அம்மா மட்டும் கீழேயே இருக்கட்டும். ஆசைப்பட்ட நடைப்பயிற்சியை மூன்றாம் மாதம் தொடங்குங்கள். அலாரத்தைக் கால் மணி முன்னே தள்ளி, செருப்பைத் தட்டுக்குக் கீழே வைத்து, தெருமுனை வரை போய்வந்தால் போதும்.