முப்பது வினாடிக்குள் பேச்சு

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் ஜவுளிக்கடை. தீபாவளிக்கு முப்பது வினாடி வீடியோ எடுத்தோம். ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கியதைக் குரல் கொடுப்பவர் வாசித்தால் நாற்பது வினாடி ஓடுகிறது, செய்தி வாசிப்பதுபோலவும் இருக்கிறது. வேகமாக வாசிக்கச் சொல்லலாமா?
– ஜவுளிக்கடைக்காரர், ஜார்ஜ்டவுன்

பதில்: வேண்டாம். செய்தி வாசிப்பு வேகமாகும், அவ்வளவுதான். குரல் கொடுப்பவர்மேல் தப்பில்லை. நீங்கள் அனுப்பிய முதல் வரியைப் பாருங்கள்: 'உங்கள் குடும்பத்தின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஏற்ற, பரந்த அளவிலான பாரம்பரிய மற்றும் நவீன ஆடைகளை நாங்கள் மலிவான விலையில் வழங்குகிறோம்.' என்ன செய்கிறீர்கள் என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. அதுவரை கேட்பவர் அத்தனை அடைமொழிகளையும் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். 'குடும்ப உறுப்பினர்' ரேஷன் கார்டில் இருப்பார். கடைக்கு வருவது அம்மாவும் சின்னவளும்.

ஆங்கிலத்தில் முப்பது வினாடிக்கு எழுபது, எழுபத்தைந்து சொல் பிடிக்கும். தமிழில் வேற்றுமையும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொல் நீளம். நாற்பதைத் தாண்டினாலே மூச்சு முட்டும். கடைசி மூன்று நான்கு வினாடியைக் கடைப் பெயருக்கும் இசைக்கும் விட்டுவிடுங்கள்.

ஃபோன் நம்பர், முகவரி, 'RM49.90' எல்லாம் திரையில் இருக்கட்டும். 'நாற்பத்தொன்பது ரிங்கிட் தொண்ணூறு சென்' என்று வாயால் சொல்வதற்குள் இரண்டு வினாடிக்கு மேல் போய்விடும். கல்லாவில் 'ஐம்பது வெள்ளி' என்றுதானே சொல்கிறீர்கள்? புடவையின் நிறத்தையும் ஜரிகையையும் படமே காட்டுகிறது, குரல் அதை வர்ணிக்க வேண்டியதில்லை.

பேசுகிறபடியே தாளிலும் எழுதிக் கொடுங்கள். 'எடுக்க வேண்டும்' என்றிருந்தால் யார் வாசித்தாலும் செய்திதான். உங்கள் மாடியில் தையல்காரர் இருப்பதாக வைத்துக்கொண்டு, இப்படி:

'தீபாவளிக்கு யாருக்கு என்ன எடுக்கணும்னு லிஸ்ட் போட்டாச்சா?
அம்மாவுக்குப் புடவை. அப்பாவுக்கு வேட்டி. சின்னவளுக்குப் பாவாடை சட்டை.
(சற்று நிறுத்தம்)
எல்லாம் ஒரே கடையில இருக்கு.
புடவை, ஐம்பது வெள்ளியிலேருந்து.
பிளவுஸ் தைக்கணுமா? துணியை இங்கேயே குடுங்க, மாடியிலேயே தைச்சுத் தர்றோம்.
லிட்டில் இந்தியா பக்கம் வந்தா, ஒரு எட்டு உள்ள வந்து பாத்துட்டுப் போங்க.'

நாற்பது சொல்லுக்குள் அடங்கிவிட்டது. அம்மா, அப்பா, சின்னவள் என்று ஒவ்வொருவரைச் சொல்லும்போதும் அவரவர் துணி திரையில் வர வேண்டும்; படத்தொகுப்பாளருக்கு இதைச் சொல்லிவையுங்கள். மலேசியத் தமிழ் என்று காட்ட வரிக்கு வரி 'லா' போட்டுவிடாதீர்கள், கேலியாகிவிடும். 'வெள்ளி' ஒன்றே போதும், ஊர் தெரிந்துவிடும்.

பதிவுக்கு முன் கைப்பேசியில் நேரம் பார்த்து ஒருமுறை சாதாரணமாகப் பேசச் சொல்லுங்கள். இருபத்தேழு வினாடியைத் தாண்டினால் பிளவுஸ் வரியில் 'துணியை இங்கேயே குடுங்க' என்பதை எடுத்துவிடலாம். நிறுத்தத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.