உள்நாக்கு வீக்கமும் பிரஷர் மாத்திரையும்

கேள்வி: உள்நாக்கு வீங்கி நாக்கு மேல தொங்குது. எச்சில் முழுங்கினாலே குமட்டுது, தொண்டையை அடைக்கிற மாதிரி இருக்கு. எதனால? என்ன செய்யணும்?

மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால், எச்சில்கூட இறங்காமல் வாயோரம் வழிந்தால், உதடோ நாக்கோ சேர்ந்து வீங்கினால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்படி இல்லையென்றால் பெரும்பாலும் சளி, தொண்டைப் புண், வாய் திறந்து குறட்டை விட்டுத் தூங்கியது, தண்ணீர் குடிக்காதது, நெஞ்செரிச்சல் இவற்றில் ஒன்றாக இருக்கும். வீங்கிய உள்நாக்கு அடிநாக்கின் மேல் உட்கார்ந்துகொள்வதால், ஏதோ சிக்கியிருப்பதாக நினைத்து உடம்பு விழுங்கிக்கொண்டே இருக்கும். அந்த உரசலிலேயே எரிச்சல் கூடும். குளிர்ந்த தண்ணீரை மெதுவாக உறிஞ்சுங்கள், ஐஸ் துண்டை வாயில் வையுங்கள், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். ஒன்றிரண்டு நாளில் வடியும். காய்ச்சலும் சீழும் இருந்தால் டாக்டர் பார்த்து ஆன்டிபயாடிக் தருவார்.

ஆனால் ஒரு காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. எங்களுக்குக் களியக்காவிளைப் பக்கம். ஒருநாள் விடியற்காலையில் அப்பா எழுந்து உட்கார்ந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்நாக்கு தோலுரித்த நுங்கு போல வெளுத்து, நீர் கோத்துத் தொங்கியது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "உள்நாக்கு விழுந்திருக்கு, உப்பும் மிளகும் வச்சு அமுக்கினா ஏறிரும்" என்று விரலை விட்டதும் அப்பாவுக்கு மூச்சே திணறியது. தயவுசெய்து யாரையும் அப்படி அமுக்க விடாதீர்கள்.

எல்லை தாண்டிக் கேரளாவில் இருக்கும் பாறசாலையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா தொண்டையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பிரஷரின்டெ குளிக ஏதா கழிக்குந்நே?" என்ன பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று. எட்டு மாதமாக எனலாப்ரில். அதுதான் காரணம். ராமிப்ரில், லிசினோப்ரில் என்று "ப்ரில்" என முடியும் மாத்திரைகள் சிலருக்கு இப்படி வீக்கம் தரும். பல மாதம், ஏன், வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்றும் வரும். அதனால்தான் மாத்திரைமேல் சந்தேகமே வருவதில்லை.

ஊசி போட்டு மாலைவரை படுக்க வைத்திருந்தார்கள். இது சாதாரண அலர்ஜி மாதிரி இல்லை, அலர்ஜி ஊசிக்குச் சரியாகக் கேட்காது, மாத்திரையை நிறுத்துவதுதான் மருந்து, மூச்சுக்குழாய் அடைக்கிறதா என்று பார்க்கத்தான் இருக்கச் சொல்கிறேன் என்றார் டாக்டரம்மா. மறுநாள் வீக்கம் வடிந்தது. அம்லோடிபைன் மாற்றித் தந்தார். நிறுத்திய பிறகும் சில வாரம் மறுபடி வரலாம் என்று எச்சரித்து அனுப்பினார்.

இப்படி உள்நாக்கு வீங்கியிருக்கும் நீங்கள் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அட்டையைப் பாருங்கள். "ப்ரில்" இருந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அட்டையோடு இன்றே டாக்டரிடம் போங்கள். வேறு மாத்திரை வாங்காமல் வெறுமனே நிறுத்திவிட்டு இருக்கவும் கூடாது. அப்பாவின் மருந்துச் சீட்டு நோட்டில் முதல் பக்கத்திலேயே "எனலாப்ரில் வகை கொடுக்கக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம். எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் நீட்டுகிறோம்.